கல்யாண போட்டோக்காரரின் முதல் பத்தி

கல்யாண போட்டோ எடுப்பவர்களின் இணையதளங்களை நாலைந்து திறந்து பாருங்கள். முகப்பில் ஒரு ஜோடி கடற்கரையில் நிற்கும், பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி: ‘நினைவுகளுக்கு உயிர் கொடுக்கிறோம்’, ‘உங்கள் தருணங்களைக் காவியமாக்குகிறோம்’. ஒரு தளத்திலிருந்து அந்த வரியைப் பிய்த்து அடுத்த தளத்தில் ஒட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, ஒட்டப்பட்ட கடைக்காரருக்கே தெரியாது. பணக்காரக் கல்யாணங்களை எடுப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அவரைத் தேடி வருகிறவர்கள் படங்களைப் பார்த்தும் பேரைக் கேட்டும் வருகிறார்கள். சின்ன ஊரில் இருந்துகொண்டு, கையில் கணக்காகப் பணம் வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் கேண்டிட் படம் எடுத்துத் தருகிறவருக்கு அந்த ஒரு வரியும் அதன் கீழே வரும் பத்தியும்தான் கடை வாசல். அதை எப்படி எழுதுவது என்பதை ஒரே ஒரு ஆளை வைத்துப் பார்க்கலாம்.

திண்டுக்கல்லில் ஒரு போட்டோக்காரர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவரும் ஒரு துணை ஆளும் சேர்ந்தது கம்பெனி. இரண்டு கேமரா, மூன்று நான்கு லென்ஸ். ட்ரோன் கிடையாது. முன்னூறு நானூறு பேர் வரும் மண்டபக் கல்யாணங்கள்தான் பெரும்பாலும் அவருக்குக் கிடைப்பவை. முந்தின நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடிகாலை முகூர்த்தம்.

அவருடைய பக்கத்தைப் படிக்கப்போவது யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கல்யாணப் பெண் இன்ஸ்டாகிராமில் ஏதோ ஒரு படத்தைப் பார்த்து, தேடிப் பிடித்து, இணைப்பை அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறாள். அப்பாவின் பட்டியலில் மண்டபம், சமையல், நகை, ஜவுளி, பத்திரிகை எல்லாம் முடிந்த பிறகுதான் போட்டோ வருகிறது. அதற்குள் கை பாதி காலியாகியிருக்கும். அவருக்கு இரண்டே கேள்வி: எவ்வளவு ஆகும்? சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் படத்தில் வந்துவிடுவார்களா? மகளின் கேள்வி வேறு. பொம்மை மாதிரி நிறுத்தி வைத்து எடுக்காமல், அவள் அவளாக இருக்கிற படங்கள் நாலாவது வருமா என்று பார்க்கிறாள். தலைப்பு வரி மகளுக்காக, அடியில் உள்ள பத்தி அப்பாவுக்காக என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு பேரையும் ஒரே வரியில் மடக்கப் பார்க்கும்போதுதான் ‘நினைவுகளுக்கு உயிர்’ மாதிரி யாருக்கும் பதில் சொல்லாத வரி வருகிறது.

புகைப்படத் தொழிலின் மிகப் பிரபலமான விளம்பர வரியில் நினைவும் இல்லை, உயிரும் இல்லை. 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் கேமராவை விற்க எழுதியது அது: பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதுவரை படம் எடுக்க நினைத்தவர் ரசாயனமும் இருட்டறையும் பழக வேண்டியிருந்தது. கோடக் பெட்டியில் நூறு படத்துக்கான சுருள் முன்கூட்டியே போட்டிருக்கும். எடுத்து முடித்ததும் பெட்டியோடு ராச்செஸ்டர் ஊர் ஆலைக்கு அனுப்பிவிட்டால், படங்களைப் போட்டு, புதுச் சுருள் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். எந்த வேலை உங்களுடையது, எந்த வேலை எங்களுடையது என்பதை மட்டுமே அந்த வரி சொன்னது. 1900-ல் அதே கம்பெனி சாதாரணக் குடும்பங்களுக்காகப் பிரௌனி கேமராவைக் கொண்டுவந்தபோது, விலை ஒரு டாலர் என்பதை விளம்பரத்திலேயே போட்டது. நம் திண்டுக்கல்காரர் இரண்டையும் காப்பி அடிக்கலாம், தப்பில்லை.

சரி, அவருக்கு வரி தேடுவோம். அவர் முதலில் எழுதி வைத்திருப்பது அநேகமாக ‘உங்கள் பட்ஜெட்டில் கேண்டிட் போட்டோகிராபி’ என்று இருக்கும். புரிகிறது, ஆனால் பட்ஜெட் என்பது இருபதாயிரமா இரண்டு லட்சமா என்று தெரியவில்லை. விலையைச் சொல்லாமல் விலையைப் பற்றிப் பேசுகிற வரி அது. இன்னொரு பக்கம் ‘குறைந்த விலை, நிறைந்த தரம்’ என்று போட்டால் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் ஆகிவிடும். மகள் கல்யாணத்துக்கு மலிவாக ஆள் பிடித்தேன் என்று எந்த அப்பாவும் சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொள்ள மாட்டார். கடன் வாங்கியாவது கௌரவமாகச் செய்யும் காரியம் அது. மலிவு, சிக்கனம், ஏழை எளியோர் என்ற பேச்சே தலைப்பு வரியில் வரக்கூடாது. தொகையைக் கீழே எண்ணாக எழுதிவிட்டால் போதும். கட்டுப்படியாகுமா ஆகாதா என்பதை வாசிக்கிறவரே முடிவு செய்துகொள்வார், அவர் முகமும் கோணாது.

பணம் கீழே இறங்கிவிட்டது. மேலே மிஞ்சுவது கேண்டிட். அது என்ன என்று தெரியாத அப்பாவுக்கும் புரிகிற மாதிரி சொல்ல, கல்யாண மேடையில் எல்லோரும் ஆயிரம் தடவை கேட்ட வசனத்தையே எடுத்துக்கொள்ளலாம். ‘சார், இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க.’ கேண்டிட் என்பது இந்த வசனம் இல்லாத போட்டோ. அதிலிருந்து பிறக்கும் வரி இது:

சிரிங்க என்று சொல்ல மாட்டோம். நீங்களாகச் சிரிக்கும்போது எடுப்போம்.

இதைவிட உருக்கமாக எழுதத் தோன்றும். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வாரே, அதை அவருக்கே தெரியாமல் எடுத்துத் தருவோம் என்று சொன்னால் மனசைத் தொடாதா? தொடும், ஆனால் நான் போடமாட்டேன். கல்யாணத்துக்கு ஆள் பேசுகிற வீட்டில், முதல் வரியிலேயே கண்ணீர் வருவதைப் பாட்டியோ பெரியப்பாவோ ரசிக்க மாட்டார்கள். மங்கள காரியத்துக்குக் கூப்பிடும்போது எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதில் நம் வீடுகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அழுகிற படத்தைத் தளத்தின் உள்ளே, படங்களின் வரிசையில் வைக்கலாம். அங்கே அது தன் வேலையைச் செய்யும்.

இந்த வரி மகளுக்குப் பிடிக்கும். அப்பாவைக் கொஞ்சம் பயமுறுத்தவும் செய்யும். ‘இங்க பாருங்க’ என்று சொல்லாவிட்டால், மேடையில் ஏறும் மாமன் மச்சான் படமெல்லாம் என்ன ஆவது? அந்தப் பயம் நியாயமானது. கேண்டிட் எடுக்க ஒரே ஒரு ஆளை மட்டும் பேசி, ஆல்பம் வந்த பிறகு சித்தப்பா குடும்பமே காணோம் என்று மனஸ்தாபம் ஆகிற வீடுகள் உண்டு. ஆகவே பத்தியின் முதல் வாக்கியம் ஆட்களை எண்ணிச் சொல்ல வேண்டும்: இரண்டு பேர் வருவோம், ஒருவர் மேடையிலேயே இருப்பார்.

இரண்டு பேர் ஏன் என்பதைத் தாலி கட்டும் நேரத்தில் பார்த்தால் தெரியும். ஐயர் விரலை உயர்த்துகிறார், கெட்டிமேளம் எழுகிறது, மாப்பிள்ளை குனிகிறார், அட்சதை பறக்கிறது. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவதற்குள் முன்வரிசையில் இருப்பவர்கள் எல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். மேடைக்காரர் அசையாமல் தாலியையே குறி வைத்திருக்க வேண்டும். அது தவறினால் திரும்ப எடுக்கவே முடியாது. கேண்டிட் எடுப்பவர் அந்த நேரம் மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டி நிற்பார். அவருக்கு வேண்டியது பெண்ணின் அம்மா முகம், கூட்டத்தில் எட்டிப் பார்க்கும் தோழிகள், அட்சதையை எறிய மறந்து கையிலேயே வைத்திருக்கும் தாத்தா. ஒரே ஆள் இரண்டையும் எடுப்பேன் என்று சொன்னால், இரண்டில் ஒன்று கண்டிப்பாகப் போகும். எதைச் சொல்லக்கூடாது என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது. ‘ஒரு தருணத்தையும் தவறவிட மாட்டோம்’ என்று இரண்டு பேர் உள்ள கம்பெனி எழுதக்கூடாது. மணமகள் அறையில் ஜடை பின்னுவதை எடுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் மாப்பிள்ளை அழைப்பு நடந்தால், ஏதாவது தவறத்தான் செய்யும்.

அடுத்தது ஆல்பம். கேண்டிட் படங்கள் அதிகமாகக் காணாமல் போகிற இடம் இதுதான் என்பது வெளியாட்கள் பலருக்குத் தெரியாது. நம் ஊரில் வழக்கமாகக் கொடுப்பது, விரித்தால் முப்பத்தாறு அங்குல அகலமும் பன்னிரண்டு அங்குல உயரமும் வரும் கரிஷ்மா ஆல்பம். ஷீட் கணக்கில்தான் காசு. பட்ஜெட் கல்யாணத்தில் முப்பது ஷீட்டுக்கு மேல் போகாது என்று வைத்துக்கொள்வோம். ரிசப்ஷனில் மேடையேறி நின்ற குடும்பங்கள் எப்படியும் எண்பது தொண்ணூறு இருக்கும். ஷீட்டுக்கு ஒன்பது படம் என்று அடக்கமாகப் போட்டாலும் பத்து ஷீட் போய்விடும். சடங்குகளுக்கு இன்னொரு பத்து. மீதிப் பத்தில் கேண்டிட் வரவேண்டும். ஆனால் படம் தேர்ந்தெடுக்க வீட்டில் உட்காரும்போது, ‘பெரியம்மா வீட்டுப் படத்தைப் பெரிசாப் போடணும், அத்தை வீட்டை விட்டா அவ்வளவுதான்’ என்று ஒவ்வொன்றாக ஏறி, அந்தப் பத்தும் கரைந்துவிடும். ஆயிரக்கணக்கில் எடுத்த கேண்டிட் படங்கள் பென்டிரைவிலேயே தூங்கும். கேண்டிட் என்று காசு கொடுத்த பெண்ணுக்கு ஆல்பத்தில் இரண்டு படம்கூட இருக்காது. இதைத் தடுக்க ஒரே வழி, ‘பத்து ஷீட் கேண்டிட் படங்களுக்கு மட்டும்’ என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுவது. அப்போது வீட்டில் விவாதம் வந்தால் பெண்ணின் பக்கம் பேச எழுத்தில் ஒரு ஆதாரம் இருக்கும்.

இனி விலை. பத்தியில் எண்ணைப் போடுவதற்கு முன்னால் எண் சரிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் போட்ட மூன்றாம் மாதமே மாற்ற வேண்டிவரும். ஒரு உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் இது மாறும். துணை ஆளுக்கு ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து 8,000 ரூபாய். ஆல்பம் வடிவமைத்து அச்சிட்டு அட்டை போட 11,000. படங்களைப் பொறுக்கி நிறம் சரிசெய்ய 5,000. வண்டி, சாப்பாடு, பென்டிரைவுக்கு 3,000. ஆக 27,000 கையை விட்டுப் போகிறது. தன் இரண்டு நாள் உழைப்புக்கும் கேமரா தேய்மானத்துக்கும் 15,000 வைத்தால் 42,000. அந்த எண்ணையே எழுத வேண்டும். ‘42,000 முதல்’ என்று எழுதக்கூடாது. ‘முதல்’ என்ற ஒட்டு எதற்கு என்பது நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களில் அடிபட்ட அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். போன் செய்யாமலே அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்.

எதெல்லாம் இந்தத் தொகையில் இல்லை என்பதையும் அதே பத்தியில் சொல்லிவிடுவது நல்லது. வீடியோ, ட்ரோன், மண்டபத்தில் வைக்கும் எல்இடி திரை, கல்யாணத்துக்கு முந்தைய அவுட்டோர் ஷூட். விட்டவற்றைச் சொல்வது வியாபாரத்துக்குக் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை எப்படி இவ்வளவுக்குள் அடங்கியது என்ற சந்தேகத்துக்கு அதுவே பதில். இல்லாவிட்டால் ‘எங்கேயோ இடிக்குதே’ என்று தோன்றும்.

ஆல்பம் எப்போது கிடைக்கும் என்பதற்கும் ஒரு வாக்கியம் வேண்டும். வளைகாப்புக்குப் பிறகு கல்யாண ஆல்பம் வந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பாதி தாமதம் போட்டோக்காரருடையது. மீதிப் பாதி, படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் வீட்டாருடையது. ஆகவே நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தால் பத்தி இப்படி வரும்:

‘ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் நாங்கள் இரண்டு பேர் வருவோம். ஒருவர் மேடையை விட்டு நகர மாட்டார். சடங்குகளும் சொந்தக்காரர்கள் நின்று எடுக்கும் படங்களும் அவர் பொறுப்பு. இன்னொருவர் மணமகள் அறையிலும் வாசலிலும் பந்தியிலும் இருந்து, யாரையும் நிறுத்தாமல் கேண்டிட் படங்கள் எடுப்பார். 30 ஷீட் ஆல்பத்தில் 10 ஷீட் கேண்டிட் படங்களுக்கு மட்டும். எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய். திண்டுக்கல்லைச் சுற்றி 60 கிலோமீட்டருக்குள் போக்குவரத்துக்குத் தனியாகத் தர வேண்டாம். வீடியோவும் ட்ரோனும் இதில் இல்லை. நீங்கள் படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த 45 நாளில் ஆல்பம் உங்கள் வீட்டில் இருக்கும். முகூர்த்தத் தேதியை அனுப்புங்கள், அன்று எங்களுக்கு வேறு கல்யாணம் இருக்கிறதா என்று உடனே சொல்கிறோம்.’

அலங்காரம் எதுவும் இல்லை. கேண்டிட் என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது, தேடுகிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் தட்டுவார்கள் என்பதற்காக. ஊர்ப் பேர் வருவதும் அதற்காகத்தான். கடைசி வாக்கியம் தேதியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நல்ல முகூர்த்த நாளில் ஊரில் உள்ள எல்லா மண்டபத்திலும் கல்யாணம் நடக்கும், இரண்டு பேர் உள்ள கம்பெனியால் ஒன்றைத்தான் ஒப்புக்கொள்ள முடியும். ‘மேலும் விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்’ என்று முடித்தால், அப்பா போனை எடுத்து என்ன கேட்பது என்று யோசிக்க வேண்டியிருக்கும். தேதியைச் சொல்வது சுலபம், பத்திரிகையிலேயே அச்சாகியிருக்கிறது.

இவ்வளவு சரியாக எழுதியும் இரண்டு இடத்தில் கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. முதலாவது வாட்ஸ்அப். இணைப்பை அனுப்பினால் ஒரு சின்னப் படம், அதன் கீழே தலைப்பு, அதற்குக் கீழே ஒன்றிரண்டு வரி என்றுதான் தெரியும். அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று தளம் அமைப்பவரிடம் தனியாகச் சொல்லி எழுதச் செய்யாவிட்டால், வார்ப்பில் ஏற்கெனவே இருந்த ஏதாவது ஒன்று வந்து நிற்கும். பழைய வேர்ட்பிரஸ் தளங்கள் பலவற்றில் Just another WordPress site என்ற வரியே வருடக்கணக்கில் மாறாமல் நின்றதைப் பார்க்கலாம். தலைப்புக்கு ‘சிரிங்க என்று சொல்ல மாட்டோம்’ வரியையும், கீழே பத்தியின் முதல் வாக்கியத்தையும் விலையையும் கொடுத்துவிட்டால், இணைப்பைத் திறக்காமலே அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிடும். தனக்கே ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிட்டால் தப்பு இருந்தால் கண்ணில் பட்டுவிடும்.

இரண்டாவது, முகப்புப் படம். சின்ன போட்டோக்காரர்கள் அவ்வப்போது பெரிய கம்பெனிகளுக்குத் துணை ஆளாகப் போவது உண்டு. அங்கே எடுத்த ரிசார்ட் கல்யாணப் படம், பூவாலேயே கட்டிய மண்டபம், விளக்குச் சரம் எல்லாம் தன் தளத்தில் போடக் கை துறுதுறுக்கும். அந்தப் படத்துக்குக் கீழே 42,000 என்று இருந்தால் இரண்டு விதமான ஆட்களும் ஓடிவிடுவார்கள். வசதியானவர் விலையைப் பார்த்து நம்ப மாட்டார், வசதி குறைந்தவர் படத்தைப் பார்த்து ‘இது நமக்கு இல்லை’ என்று மூடிவிடுவார். வீடியோக்காரரின் விளக்கு ஒருபக்கம் அடிக்க, ஓமப் புகை மறுபக்கம் மறைக்க, மஞ்சள் வெளிச்சத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே எடுத்த படங்களில் ஒன்று நன்றாக வந்திருக்கும். பந்தியில் இலையில் பாயசம் வாங்கிக்கொண்டே எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும் இரண்டு அத்தைகள் போதும். நம் மண்டபத்திலும் இப்படி வரும் என்று அப்பாவுக்கும் மகளுக்கும் தெரிந்துவிடும். அத்தைகளிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். தங்களுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட படம் ஊர் பூராவும் சுற்றுவது எல்லோருக்கும் சம்மதம் என்று நினைத்துவிடக்கூடாது.

எழுதி முடித்ததும் தொழில் தெரியாத ஒருவரிடம் போனில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு பணம், வீடியோ உண்டா என்று கேட்டால் போதும். திரும்பப் பார்க்காமல் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் பத்தி நிற்கும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வாக்கியத்தை உடைத்து எழுத வேண்டும். தமிழில் எழுதியிருப்பதால், பக்கத்து டீக்கடைக்காரரிடமே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். வார்ப்போடு வரும் ஆங்கிலப் பத்தியை வைத்து இதைச் செய்ய முடியாது.

விலையும் ஷீட் கணக்கும் வருடத்துக்கு ஒருமுறை மாறும். அச்சுக் கூலி ஏறும், துணை ஆள் கூடக் கேட்பார். அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது. கேமராவைத் துடைத்து வைத்துவிட்டு, கூட்டல் கணக்கைத் திரும்பப் போட்டு, எண்ணையும் முகப்புப் படத்தையும் மாற்றிவிட்டால், ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் வரும்போது பக்கம் சரியாக இருக்கும்.